பனியன் கணக்கு

"தையற்கூலியில் சட்டைக்கு ஒரு ரூபாய் குறைத்துவிடலாம் என்று உத்தேசம், ஸார்" என்று சொல்லிக்கொண்டே, சென்ற ஞாயிறன்று என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார் பழைய மாணாக்கர் ஒருவர். திருப்பூரில் பனியன் துணிச் சட்டைகள் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். முகத்தில், பரீட்சையில் தவறிய பையனின் களை.

விஷயம் இதுதான். 20,000 சட்டைக்கு ஓர் ஆர்டர். சட்டை ஒன்று 180 ரூபாய். செலவெல்லாம் போக ஒன்றுக்கு 14 ரூபாய் வீதம் 2,80,000 ரூபாய் லாபம் நிற்கும் என்று கணக்கிட்டு விலை சொன்னார். சரக்கு போய்ச் சேர்ந்து கணக்கை முடித்தபோது நின்றது 22,500. தையற்கூலியைக் குறைத்தால் மீள்வது 20,000. காணாமற் போனதோ 2,57,500. அந்த இருபதாயிரமும் தையல் மெஷினுக்கு முன் நாள் முழுதும் குனிந்திருக்கும் பெண்களின் சம்பளத்திலிருந்து வர வேண்டும்!

ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1985-இல் எழுதிய ஒரு நூலில் 'மதிப்புச் சங்கிலி' என்ற முறையைச் சொன்னார். ஒரு சரக்கு உருவாகும் வேலைகளைக் கண்ணி கண்ணியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு செலவு ஏறுகிறது, ஒரு கண்ணியில் செய்யும் காரியம் மற்றொன்றின் செலவை எப்படி மாற்றுகிறது என்று பார்ப்பதே அதன் சாரம். இந்தப் பின்பகுதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், வெட்டு, தையல், செக்கிங், பேக்கிங் என்று நாங்களும் நோட்டில் வரிசையாக எழுதினோம்.

தையலில் மதிப்பிட்டதும் செலவழிந்ததும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. துணியில்தான் முதல் ஓட்டை. ஒரு சட்டைக்கு 200 கிராம் வீதம் 4,000 கிலோ போதும் என்பது மதிப்பீடு. வெட்டு மேஜையில் செலவானது 4,250 கிலோ. கிலோ 430 ரூபாய் வீதம் 1,07,500 ரூபாய் அங்கே போயிற்று. கட்டிங் மாஸ்டர் துணியை வீணடித்தார் என்பது முதலாளியின் அபிப்பிராயம். ஆனால் வெட்டுக் கழிவு வழக்கமான அளவில்தான் இருந்தது.

பின் எங்கே போயிற்று? சதுர மீட்டருக்கு 160 கிராம் இருக்கவேண்டிய துணி 170 கிராம் இருந்தது. தொட்டுப் பார்த்தால் யாருக்கும் தெரியாத பேதம். ஆயினும் நூறு கிலோவில் 500 சட்டை வரவேண்டிய இடத்தில் 470-தான் வரும். நிட்டிங் மெஷினில் லூப்பின் நீளத்தைச் சற்றுக் குறைத்து வைத்திருந்தார்கள். துணி நெருங்கி, கனத்து வந்துவிட்டது. நிட்டிங் கூலியும் கிலோக் கணக்கு, சாயக் கூலியும் கிலோக் கணக்கு. கிலோ எங்கும் சரியாகவே இருந்ததால் குறைந்தது பரப்பளவு என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. வாங்குகிறவரோ கனத்த துணிக்காகக் காலணா கூடக் கொடுப்பதில்லை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய சாஸ்திரம் வேண்டாம். நூறு சதுர சென்டிமீட்டர் வட்டமாகத் துணியை வெட்டும் கருவி ஒன்று உண்டு. அந்த வட்டம் 1.6 கிராம் இருந்தால் துணி சரி, 1.7 இருந்தால் துணி கனம். நிட்டிங்கில் லூப்பை அளந்து, சாயமேறிய பின் துணியைச் சற்று ஆறப்போட்டு, வெட்டுமுன் இப்படி நிறுத்துவிட்டால் போதும். அவசரத்தில் எடை கூடிய துணியை இழுத்து விரித்துச் சரிக்கட்டப் பார்ப்பார்கள்; அது துவைத்தால் சுருங்கும், சரக்கே திரும்பி வரும்.

மீதி 1,50,000 ரூபாய் விமானக் கூலி. கப்பலில் போனால் வாங்குகிறவர் கூலி கொடுப்பார். தாமதமானால் ஏற்றுமதியாளர் கொடுக்க வேண்டும். 3,000 சட்டை, 600 கிலோ, கிலோவுக்கு 250 ரூபாய். நோட்டில் இது 'போக்குவரத்து' என்ற தலைப்பில் இருந்தது. தாமதம் ஏன் என்று ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிப் போனோம். கருநீலத் துணி ஒரு தடவை சாயமேற்றித் தள்ளுபடியாகி, மறுபடியும் சாயத்துக்குப் போயிருந்தது. பட்டறையின் குழல்விளக்கில் மாதிரித் துணியோடு ஒத்திருந்த நிறம், வாங்குகிறவர் குறித்த விளக்கில் செம்மை ஓடிக் காட்டிற்றாம். அந்த விளக்குப் பெட்டி சாயப்பட்டறையில் இல்லை. ஆகவே விமானக் கூலியைப் போக்குவரத்தில் அல்ல, சாயத்தில் எழுதினோம்.

நூல் விலை ஏறினாலோ, டாலர் மதிப்பு இறங்கினாலோ இந்தச் சங்கிலிக் கணக்கு காப்பாற்றாது என்பதையும் சொல்லி வைத்தேன். நம் கைக்குள் இருக்கும் ஓட்டையை மட்டுமே அது காட்டும்.

"அப்படியானால் கூலி...?" என்று இழுத்தார்.

"எந்த வரியில் குறைக்கப் போகிறீர்?" என்று நோட்டை அவரிடமே நீட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த ஆர்டரின் துணி வியாழக்கிழமை வருகிறதாம். வட்டம் வெட்டும் கருவியை அன்று மாலையே வாங்கிவிட்டதாக நேற்று ஆள் சொல்லியனுப்பினார்.