என் மகளுக்கு: அந்த ஐம்பதாயிரத்தை நான் ஏன் தரவில்லை

அன்பு மகளுக்கு,



உன் கடிதமும், அதனுடன் நீ அனுப்பிய திட்ட விளக்கமும் கிடைத்தன. தொலைபேசியில் "முடியாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டதாக நீ உம்மாவிடம் வருந்தினாயாம். ஒரே சொல்லில் முடிக்கக்கூடிய காரியமல்ல இது. காரணத்தைக் கேட்கும் உரிமை உனக்கு உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பிட்காயின் முதலான நாணயங்கள் ஆகுமா, ஆகாதா என்ற விவாதத்திற்குள் நான் போகவில்லை. எகிப்தின் தாருல் இஃப்தா 2018 ஜனவரியில் அதைக் கூடாது என்றது. இந்தோனேசிய உலமா மன்றம் 2021 நவம்பரில் நாணயமாகப் பயன்படுத்துவதைத் தடுத்தது. பண்டமாக விற்று வாங்குவதற்குச் சில நிபந்தனைகளோடு வாசலைத் திறந்து வைத்தது. ஆகும் என்று சொல்லும் ஆலிம்களும் இருக்கிறார்கள். ஆனால் உன் தோழி உன்னிடம் கேட்பது நாணயம் வாங்குவதற்கல்ல. அவள் சேர்ந்திருக்கும் திட்டத்தில் டெதர் என்ற டாலர் நாணயம் பணம் போகவும் வரவுமான குழாய் மட்டுமே. குழாயில் என்ன ஓடுகிறது என்பதே கேள்வி.

திட்டத்தை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன், தவறென்றால் திருத்து. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு, அதாவது ஏறக்குறைய 600 டாலருக்கு, டெதர் வாங்கி அவர்கள் தரும் முகவரிக்கு அனுப்ப வேண்டும். அவர்களுடைய கணினி நிரல் பல சந்தைகளில் விலை வேறுபாட்டைப் பார்த்து வாங்கி விற்கும். நாள்தோறும் ஒரு விழுக்காடு, அதாவது 6 டாலர், உன் கணக்கில் ஏறும். முதலை நூறு நாள் எடுக்க முடியாது. நீ ஒருவரைச் சேர்த்தால் அவர் போட்டதில் ஐந்து விழுக்காடு உனக்கு. அவர் இன்னொருவரைச் சேர்த்தால் இரண்டு விழுக்காடு. "இது வட்டியல்ல, வணிக லாபம், எனவே ஹலால்" என்று கடைசிப் பக்கத்தில் பச்சை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பச்சை எழுத்திலிருந்தே தொடங்குவோம். ஒருவர் முதல் போட்டு இன்னொருவர் உழைத்து லாபத்தைப் பகிர்வதை முளாரபா என்கிறோம். நம் ஊரில் எத்தனையோ கடைகள் அப்படித்தான் எழுந்தன. அதில் பிரிப்பது லாபத்தின் பங்கு: பாதிக்குப் பாதி, மூன்றில் ஒன்று என்று. லாபம் வராத மாதத்தில் முதல் போட்டவருக்கும் ஒன்றுமில்லை. நட்டம் வந்தால் முதல் குறையும். உழைத்தவருக்கு உழைப்பு வீண். லாபம் எவ்வளவு என்று தெரிவதற்கு முன்பே "நீ போட்ட முதலில் நாளொன்றுக்கு இத்தனை விழுக்காடு" என்று உறுதி சொல்லி, முதலும் திரும்ப வரும் என்று சொன்னால், பெயர் எதுவாயினும் அது கடன். கூடுதலாக வருவது ரிபா. அந்தத் திட்டத்தில் வணிகம் உண்மையாகவே நடந்தாலும் இது மாறாது. மார்க்கத்தின் பக்கமிருந்து என் மறுப்புக்கு இதுவே போதும்.

ஆனால் வணிகமும் நடக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். இல்லையெனில் வாப்பாவுக்குப் புதுமை பிடிக்காது என்றே நீ எண்ணுவாய்.

டெதர் பரிமாற்றங்கள் யாரும் பார்க்கக்கூடிய ஒரு பொதுப் பேரேட்டில் பதிவாகின்றன. உன் தோழி பெருமையாக உனக்கு அனுப்பிய படத்தில், அவளுக்கு 6 டாலர் வந்த பரிமாற்றத்தின் எண் இருந்தது. உன் மாமா மகன் அதை tronscan.org தளத்தில் இட்டுக் காட்டினான். பணம் எந்த முகவரியிலிருந்து வந்தது என்று தெரிந்தது. அந்த முகவரியின் மூன்று வார வரவு செலவையும் உட்கார்ந்து படித்தோம். முப்பது ஆண்டுகளாகக் கடைப் பேரேடு எழுதும் எனக்கு அது புரியாத மொழியாக இல்லை. உள்ளே வந்தவை 300, 600, 1200 என்ற முழுத் தொகைகள். வெளியே போனவை 3, 6, 12. வந்ததன் சரியாக ஒரு விழுக்காடு, நாள் தவறாமல். வாங்கி விற்பவரின் கணக்கு அப்படியிருக்காது, மகளே. ஒரு நாள் நாற்பது வரும், மறுநாள் ஏழு வரும், இன்னொரு நாள் கையிலிருந்து போகும். பணம் வேறெங்கோ சென்று வணிகமாகிறது என்று சொன்னால், அதன் லாபம் ஒரு நாளாவது ஒழுங்கற்ற ஒரு தொகையாக இங்கே திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. புதிதாகச் சேர்கிறவர் போடும் பணமே, முன்பு சேர்ந்தவருக்கு "லாபம்" என்ற பெயரில் போகிறது.

இது எவ்வளவு நாள் ஓடும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். நூறு பேர் ஆளுக்கு ஐம்பதாயிரம் போட்டால் 50 லட்சம். சேர்த்துவிட்டவர்களுக்கு ஏழு விழுக்காடு போக மீதம் 46 லட்சத்து 50 ஆயிரம். நூறு பேருக்கும் நாளொன்றுக்குக் கொடுக்க வேண்டியது 50 ஆயிரம். நடத்துபவர் ஒரு காசும் எடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 93 நாளில் பெட்டி காலி. முதலை நூறு நாளைக்கு ஏன் பூட்டி வைக்கிறார்கள் என்பது இப்போது உனக்கு விளங்கும். 93ஆம் நாளைத் தாண்ட வேண்டுமானால் நாள்தோறும் ஒரு புதியவராவது வந்தாக வேண்டும். அவர்களுக்கும் கொடுக்க வேண்டுமே. நூறு பேர் இருநூறானதும் நாளுக்கு இருவர் வேண்டும், நானூறானதும் நால்வர். விடுதி அறையில் தொடங்கி, வகுப்பு, உறவு, மஹல்லா என்று விரியும். ஒரு நாள் புதியவர் குறைவார்.

இன்னொரு கணக்கையும் பார். நாளுக்கு ஒரு விழுக்காட்டை எடுக்காமல் மீண்டும் போட்டால் ஓராண்டில் ஐம்பதாயிரம் ஏறத்தாழ 19 லட்சமாகும். இரண்டாம் ஆண்டின் முடிவில் ஏழு கோடியைத் தாண்டும். அப்படிச் சம்பாதிக்கும் நிரலைக் கையில் வைத்திருப்பவர், கல்லூரி விடுதிப் பெண்களிடம் ஐம்பதாயிரம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

"ஆனால் அவளுக்குப் பணம் வருகிறதே" என்று எழுதியிருந்தாய். வருகிறது. நாற்பது நாளில் 240 டாலர், ஏறக்குறைய 20 ஆயிரம் ரூபாய். அவள் போட்டது ஐம்பதாயிரம். இன்னும் லாபத்தின் முதல் ரூபாயை அவள் தொடவில்லை. தன் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு தவணையாகத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். கெயின்பிட்காயின் என்ற திட்டத்தை நம் நாட்டில் பலர் இப்படித்தான் நம்பினார்கள். மாதம் பத்து விழுக்காடு, பதினெட்டு மாதம் என்று உறுதி சொன்னார்கள். தொடக்கத்தில் பிட்காயினாகவே கொடுத்தார்கள். பிறகு, தாங்களே உருவாக்கிய எம்கேப் என்ற நாணயத்தைக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்குச் சந்தையில் மதிப்பில்லை. நடத்தியவர் 2018இல் கைது செய்யப்பட்டார். போட்டவர்கள் இன்றும் அலைகிறார்கள். உன் தோழியின் திட்டத்திலும் "விரைவில் எங்கள் சொந்த நாணயம்" என்று ஓர் அறிவிப்பு இருப்பதைக் கவனித்தாயா?

ஹலால் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெங்களூரில் ஐஎம்ஏ நிறுவனம் 2019 ஜூனில் கதவை மூடியபோது வாசலில் நின்றவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். வட்டி வேண்டாம் என்று வங்கியைத் தவிர்த்தவர்களின் பேணுதலே அங்கே தூண்டிலாயிற்று. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்.

நீ அறியாத ஓர் ஆபத்து இன்னும் உண்டு. வரும் டெதரை ரூபாயாக்க, முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்று அவரிடமிருந்து வங்கிக் கணக்கில் பணம் பெறுகிறார்கள். அந்த நபர் அனுப்பும் பணம், வேறு யாரிடமோ ஏமாற்றிப் பறித்ததாக இருக்கலாம். பணத்தை இழந்தவர் 1930 என்ற எண்ணில் புகார் செய்தால், பணம் கடந்துபோன கணக்குகள் வரிசையாக முடக்கப்படும். உன் கல்வி உதவித்தொகை வரும் கணக்கும் அதுவே. எங்கோ ஒரு மாநிலக் காவல் நிலையத்திற்கு விளக்கம் எழுதிக்கொண்டிருப்பாய், தேர்வுக் காலத்தில். அதோடு, ஆள் சேர்த்துப் பணம் சுழற்றும் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நடத்துபவரை மட்டுமல்ல, உறுப்பினராகச் சேர்பவரையும் அது குறிப்பிடுகிறது.

உன் தோழியை நான் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. அவள் தன் உம்மாவின் வளையலை அடகு வைத்துப் போட்டிருக்கிறாள் என்று நீ சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. நீ சேர்ந்தால் அவளுக்கு 30 டாலர், இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கிடைக்கும். அதற்காகத்தான் உன்னை அழைக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ரூபாய் உன் ஐம்பதாயிரத்திலிருந்தே எடுத்துக் கொடுக்கப்படும் என்பதை அவளிடம் மெதுவாகச் சொல். நீ சேர்க்க நினைத்திருக்கும் மூன்று பெண்களுக்கும் அதே கணக்குதான்.

அவளிடம் இதையும் சொல். இனி யாரையும் சேர்க்க வேண்டாம். கணக்கில் ஏறுவதைத் திரும்பப் போடாமல், நாள்தோறும் எடுத்துவிட வேண்டும். தான் போட்ட முதல் திரும்பும்வரை வருவது அவளுடையது. அதற்கு மேல் வருவதும், ஆள் சேர்த்துப் பெற்றதும் அவளுடையதல்ல, எவருடையதோ. ஒரு நாள் "வரி கட்டினால்தான் பணம் விடுவிப்போம்", "கணக்கைச் சரிபார்க்க இருநூறு டாலர் போடுங்கள்" என்று செய்தி வரும். அப்போது ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. வரியை அரசுக்குத்தான் கட்டுவார்கள், செயலி நடத்துபவருக்கல்ல. அந்தச் செய்தி வந்தால் எல்லாப் படங்களையும் பரிமாற்ற எண்களையும் சேமித்துக்கொண்டு அன்றே 1930க்குச் சொல்லட்டும்.

அடகு வளையலை மீட்க அவளுக்கு முப்பதாயிரம் குறைகிறது. அதை நான் அழகிய கடனாகத் தருகிறேன். வட்டியில்லை, மாதம் ஆயிரத்து ஐந்நூறாக, இருபது மாதத்தில் திருப்பினால் போதும். கடனை எழுதி வைக்கச் சொல்வது மார்க்கம். எனவே ஒரு தாளில் எழுதி, அவளுடைய உம்மாவும் உன் உம்மாவும் சாட்சியாக இருப்பார்கள். ஒரு நிபந்தனை: பணம் நேராக அடகுக் கடையில் கட்டப்படும்.

அடுத்த வெள்ளிக்கிழமை சரக்கெடுக்கச் சென்னை வருகிறேன், இன்ஷா அல்லாஹ். ஜும்ஆவுக்குப் பிறகு விடுதி வாசலுக்கு வருகிறேன். அவளையும் அழைத்து வா. அடகுச் சீட்டை மறக்காமல் கொண்டுவரச் சொல்.

துஆவுடன்,
உன் வாப்பா
காயல்பட்டினம்