சிரமத்திற்கு வருந்தாதீர்கள்

இந்த வாரம் பசுந்தேயிலை விலை பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். குன்னூர் ஏலத்தின் சராசரியை வைத்துத் தேயிலை வாரியம் மாதாமாதம் நீலகிரி விவசாயிக்கு ஒரு விலையை அறிவிக்கிறது. அது முழுசாகக் கைக்கு வருகிறதா என்பது என் பழைய பாட்டு. அதை மறுபடி பாட உட்கார்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் போனை நீட்டினார். "இதைப் படிங்க. நாளைக்கு இலை எடுப்பாங்களா, மாட்டாங்களா?" அவர் இலை கொடுக்கும் ஆலையின் மேலாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. விலை அடுத்த வாரம் வரட்டும்.

செய்தி இதுதான்: "அன்பார்ந்த விவசாயிகளுக்கு வணக்கம். தொந்தரவுக்கு முதலில் மன்னிக்கவும். தவறாக நினைக்க வேண்டாம். சில நாட்களாக இலை வரத்து சற்று அதிகமாக இருப்பதாலும் மழையாலும் ஆலையில் ஓரளவு சிரமம் ஏற்பட்டுள்ளது போல் தெரிகிறது. எனவே இயன்றவரை நாளை கொஞ்சம் குறைவாக இலை அனுப்பினால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறோம். தங்களுக்கு ஏற்படும் சிரமத்திற்கு மீண்டும் வருந்துகிறோம்."

இரண்டு முறை மன்னிப்பு. நடுவில் 'சற்று', 'ஓரளவு', 'போல் தெரிகிறது', 'இயன்றவரை', 'கொஞ்சம்', 'நினைக்கிறோம்'. இத்தனையையும் தாண்டிப் போனால் கடைசியில் ஒரு எண்கூட இல்லை. கொஞ்சம் குறைவு என்றால் எவ்வளவு? இருநூறு கிலோ பறிப்பவர் நூற்றெண்பது அனுப்பினால் போதும் என்று நினைப்பார். ஐம்பது கிலோக்காரர், இது பெரிய தோட்டக்காரர்களுக்குச் சொன்னது என்று நினைப்பார். மறுநாள் நடந்ததும் அதுதான். வழக்கமான இலை வழக்கம்போல் சாலையோரத்துக்கு வந்தது. வண்டி பாதியை ஏற்றிக்கொண்டு போனது. மீதி மூட்டையிலேயே கிடந்தது. பறித்த இலை மூச்சுவிடும், சூடாகும். இறுக்கிக் கட்டிய மூட்டையில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் மூட்டையின் நடுவே கையை விட்டார். கதகதப்பாக இருந்தது. வெளியே எடுத்த இலை சிவந்திருந்தது. சிவந்த இலைக்கு விலை கிடையாது.

ஆலைப் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். மழையில் நனைந்து வரும் இலையில் முதலில் மேல் ஈரம் போகவேண்டும், பிறகுதான் அது வாடும். நல்ல நாளில் ஓர் இரவில் காலியாகும் ட்ரஃப் மறுநாள் மதியம்வரை காலியாகாது. புதிய இலையைக் கொட்ட இடம் இருக்காது. ஆக, சொல்ல வேண்டிய காரணம் மேலாளரிடம் கெட்டியாகவே இருந்தது. அதைத்தான் அவர் 'ஓரளவு சிரமம்' என்று மூடிவிட்டார்.

அந்த மேலாளரை எனக்குத் தெரியும். நல்ல பிள்ளை. கேட்டேன். "சார், எல்லாரும் என் அப்பா வயசுக்காரங்க. இலை அனுப்பாதீங்கன்னு எப்படி எழுதறது? துரைமார் காலம் மாதிரி இருக்காதா?" என்றார். கேள்வி நியாயமானது. இந்த மலையில் துரை சொன்னால் சொன்னதுதான் என்றிருந்த காலம் உண்டு. அந்த அதட்டலைக் கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளைகள் இன்று மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்.

"தம்பி, உட்காருங்க, திருத்துவோம்" என்றேன். ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தோம். எடுத்தால் தகவல் ஏதாவது குறைகிறதா? 'தவறாக நினைக்க வேண்டாம்' போனால் ஒன்றும் குறையவில்லை. அது இருந்தால்தான், ஏதோ தவறாக நினைக்க இருக்கிறது போலிருக்கிறது என்று படிப்பவர் நிமிர்ந்து உட்காருகிறார். 'போல் தெரிகிறது' போகலாம். தன் ஆலையில் ட்ரஃப் நிரம்பியிருப்பது மேலாளருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? 'கொஞ்சம் குறைவாக' என்ற இடத்தில் ஓர் எண் உட்காரவேண்டும்.

எல்லாவற்றையும் வெட்டியபின் 'நாளை இலையைக் குறைத்து அனுப்பவும்' என்பதுதான் மிஞ்சியது. இது கன்னத்தில் அறைவது மாதிரி இருக்கிறது என்று தம்பி சொன்னார். சரிதான். ஆனால் அதற்கு மருந்து எடுத்த சொற்களைத் திரும்பப் போடுவதல்ல. காரணத்தைச் சொல்வது, ஏற்கெனவே பறித்தவருக்கு ஒரு வழி காட்டுவது, 'அனுப்பவும்' என்ற நோட்டீஸ் பலகைக் குரலை விட்டு நேரில் பேசுவது போல் 'அனுப்புங்கள்' என்பது. முடிவில் இப்படி வந்தது:

"வணக்கம். மூன்று நாள் மழையால் இலை நனைந்து வருகிறது, வாடத் தாமதமாகிறது, ட்ரஃபில் இடம் இல்லை. நாளை வியாழக்கிழமை ஒருவரிடம் 100 கிலோ வரைதான் எடுப்போம். அந்த அளவுக்கு மட்டும் பறியுங்கள். வண்டி மதியம் 2 மணிக்கு வரும். இன்றே கூடுதலாகப் பறித்துவிட்டவர்கள் மாலை 6 மணிக்குள் எனக்குப் போன் செய்யுங்கள், முதலில் அதை எடுக்கிறோம். வெள்ளிக்கிழமை எவ்வளவு எடுப்போம் என்பதை நாளை மாலை 5 மணிக்குச் சொல்கிறேன்."

ஒரு மன்னிப்பும் இல்லை. பெரியவர் யாருக்காவது இதில் மரியாதைக் குறைவு தெரிகிறதா? 'ஒருவரிடம்' என்றதும் சின்னவர், பெரியவர் எல்லாருக்கும் ஒரே அளவு என்று புரிந்துவிடுகிறது. கோட்டா விஷயத்தில் மனம் புண்படுவது சொல்லால் அல்ல, பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கூடுதலாக எடுத்தார்களோ என்ற சந்தேகத்தால்தான். கடைசி வரியையும் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை நிலவரம் அவருக்கே தெரியாது. அதை 'அநேகமாகச் சரியாகிவிடும் என்று நம்புகிறோம்' என்று பூசி மெழுகாமல், எப்போது தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டார்.

என் தந்திப் பைத்தியம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். 2013 ஜூலையில் தந்தியை மூடியபோது இதே பத்தியில் இரண்டு வாரம் புலம்பியவன் நான். சொல்லுக்குச் சொல் காசு என்பதால் தந்தியில் யாரும் 'தவறாக நினைக்க வேண்டாம்' என்று எழுதியதில்லை. ஆனால் தந்தியை முன்மாதிரியாகக் கொள்ளச் சொல்லமாட்டேன். அது காரணத்தையும் சேர்த்து வெட்டிவிடும். 'உடனே புறப்படு' என்று வந்தால் பஸ் ஏறி ஊர் போய்ச் சேரும்வரை வயிற்றைக் கலக்கும். நல்ல மாதிரி வேண்டுமென்றால் மழை நாளில் மாவட்ட ஆட்சியர் விடும் அறிவிப்பைப் பாருங்கள். கனமழை காரணமாக இன்று பள்ளிகளுக்கு விடுமுறை. காரணம், நாள், யாருக்கு, என்ன என்று எல்லாம் ஒரே வரியில் இருக்கிறது. வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு அதனால் எவ்வளவு சிரமம்! ஆனாலும் ஆட்சியர் திமிராகப் பேசினார் என்று ஊட்டியில் ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

மன்னிப்பே கூடாதா என்று தம்பி கேட்டார். மழைக்கு ஆலை எதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும்? எல்லாவற்றுக்கும் வருந்துகிறவர் உண்மையிலேயே வருந்தவேண்டிய நாளில் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போகிறது. இலைப் பணம் பத்தாம் தேதி வரவேண்டியது வரவில்லை என்றால் அது ஆலையின் தவறு. அன்றைக்கு ஒரே ஒரு முறை, முதல் வரியிலேயே மன்னிப்புக் கேளுங்கள். அடுத்த வரியில் பணம் எந்தத் தேதியில் வரும் என்று எழுதுங்கள். தேதி தெரியாவிட்டால் மன்னிப்பையும் அனுப்பாதீர்கள். முதலில் கணக்குப் பிரிவில் கேட்டுவிட்டு வாருங்கள்.