அல்ரோ பிழையாகப் பாடவில்லை

எங்கட கூட்டத்தில் மூன்று பேர் பாடகர் குழாமில் பாடுகிறவர்கள், ஒருத்தி வயலின் வாசிக்கிறவள். இந்தக் கட்டுரைக்குக் காரணம் ஒரு நத்தார் ஒத்திகை. நாலு சரணமுள்ள ஒரு பாட்டை வாத்தியம் இல்லாமல் நாலு குரலில் பாடி முடித்தோம். முடிந்தவுடன் பயிற்றுவித்தவர் கீபோட்டில் டோவை அழுத்திப் பார்த்தார். நாங்கள் கிட்டத்தட்ட அரைச்சுரம் கீழே நின்றோம். "அல்ரோதான் இறக்கிப்போட்டீங்கள்" என்றார். மற்றவர்கள் டோவையும் சோவையும் பிடித்திருக்க, அல்ரோவில் பாடிய பிள்ளையைக் கைபேசிக்குக் கிட்ட நிறுத்தி மி பாடச் சொன்னார். ரியூனர் செயலியின் முள் 14 சென்ற் கீழே காட்டியது. தீர்ப்பு அதோடு முடிந்தது. அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை கனநாள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றதை நாங்கள் பார்த்தோம்.

அந்தத் தீர்ப்பு பிழை என்பது எங்கட கருத்து. அவள் பாடிய மி சரியானது. கீபோட்டில் இருக்கிற மிதான் கொஞ்சம் கூட. பாட்டு இறங்கியதற்குக் காரணம் வேறு இடத்தில் இருந்தது.

முதலில் அந்த 14 சென்ற் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கீபோட்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் வருகிற ஒரு துண்டுதான் ஒரு சென்ற்.

டோ 220 ஹேர்ட்ஸ் என்று வைப்போம். ஒரு குரல் 220 பாடும்போது அதற்குள் 440, 660, 880, 1100 என்ற மடங்குகளும் மெல்லியதாக ஒலிக்கின்றன. மி பாடுகிறவள் 275 பாடினால் அவளுடைய நாலாவது மடங்கு 1100. டோவின் ஐந்தாவது மடங்கும் 1100. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிய, ஒலி அசையாமல் நிற்கும். 5க்கு 4 என்ற இந்த முழு எண் விகிதத்தில் பாடுவதைத்தான் ஜஸ்ட் இன்டொனேஷன் என்கிறார்கள். நாங்கள் இங்கே தூய சுருதி என்று சொல்கிறோம்.

கீபோட்டின் மி 277.2. அதன் நாலாவது மடங்கு 1108.7. பக்கத்தில் 1100 நிற்பதால் இரண்டும் மோதி, வினாடிக்கு ஏறக்குறைய 9 தடவை "வவ்வவ்வவ்" என்று அடிக்கும். நம்பிக்கை இல்லாவிட்டால் கீபோட்டில் ஓர்கன் ஒலியை வைத்து டோவையும் மியையும் மட்டும் அழுத்திப் பிடித்துக் கேட்டுப்பாருங்கோ. பியானோவில் ஒலி கெதியாகத் தேய்ந்துவிடுவதால் இது அவ்வளவாகத் தெரியாது. ஓர்கனில் நல்லாத் தெரியும். சோவில் இந்தப் பிரச்சினை இல்லாத மாதிரித்தான்: தூய சோ 330, கீபோட்டின் சோ 329.6, வினாடிக்கு ஓர் அடிகூட வராது.

சரி, கீபோட் செய்தவர்கள் மியை ஏன் 275இல் வைக்கவில்லை? கணக்கு விடாது. டோவிலிருந்து மிக்கு ஏறுகிற தூரத்தை மூன்று தடவை அடுக்கினால், கீபோட்டில் அது மேல் டோவில் போய் நிற்க வேண்டும். தூய விகிதத்தில் ஏறுங்கோ: 220, 275, 343.75, 429.7. மேல் டோ 440. பத்து ஹேர்ட்ஸ் குறைகிறது. ஆகவே மூன்று படியையும் கொஞ்சம் கொஞ்சம் நீட்டினால்தான் மேலே தொடலாம். பன்னிரண்டு அரைச்சுரங்களையும் ஒரே அளவாக்கி அந்த நீட்டலைச் சமமாகப் பங்கிட்டதுதான் ஈக்குவல் டெம்பரமென்ற், அதாவது சமப் பங்கீடு. எந்தக் கட்டையை டோவாக வைத்தாலும் பாட்டு ஒரே மாதிரி ஒலிக்கும் என்பது அதனால் கிடைத்த லாபம். ஒவ்வொரு மியும் 14 சென்ற் கூடியிருப்பது அதற்குக் கொடுத்த விலை. ரியூனர் செயலியும் பெரும்பாலும் இந்தப் பங்கீட்டைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது. அதனால் அந்த முள் அவளுடைய காதைச் சோதிக்கவில்லை. அவள் கீபோட்டைப்போல் பாடுகிறாளா என்று மட்டும்தான் பார்த்தது.

இதுவரை வாசித்தவர்கள் "அப்ப தூய சுருதியில் பாடினால் எல்லாம் சரி" என்று நினைக்கலாம். இல்லை. எங்கட பாட்டு இறங்கிய இடமே அதுதான்.

வேதப் பாட்டுகளில் அடிக்கடி வருகிற ஒரு நகர்வை எடுப்போம்: டோவின் கூட்டு, லாவின் கூட்டு, ரேயின் கூட்டு, சோவின் கூட்டு, திரும்ப டோ. வாத்தியம் இல்லாமல் பாடும்போது ஒரு கூட்டிலிருந்து அடுத்ததுக்குப் போக நாங்கள் பிடிக்கிற கயிறு இரண்டிலும் பொதுவாக இருக்கிற சுரம். அதை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் அதற்குச் சுத்தமாகச் சேர்வோம். எண் சுலபமாக வருவதற்காக டோவை 243 என்று வைப்போம். டோவுக்குத் தூய லா 405. லாவைப் பிடித்திருக்க, பேஸ் அதற்குக் கீழே ஒரு தூய ஐந்தாம் சுரத் தூரத்தில் ரே பாடுகிறார்: 270. ரேயைப் பிடித்திருக்க, சோ அதற்கு மேலே தூய நாலாம் சுரத் தூரத்தில்: 360. சோவைப் பிடித்திருக்க, டோ அதற்குக் கீழே: 240.

243இல் தொடங்கியது 240இல் வந்து நிற்கிறது. ஒருவரும் பிழைவிடவில்லை. ஒவ்வொரு படியும் சுத்தம். இருந்தும் 21.5 சென்ற் காணாமல் போய்விட்டது. இந்தத் துண்டுக்குக் கொமா என்று பெயர். சரணத்துக்கு ஒரு தடவை இந்த நகர்வு வந்தால் நாலு சரணத்தில் 86 சென்ற், அதாவது அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இது இன்று கண்டுபிடித்ததும் இல்லை. இத்தாலியக் கணித அறிஞர் பெனெடெற்றி 1560களில் இசையமைப்பாளர் சிப்ரியானோ டி ரோரேக்கு எழுதிய கடிதங்களில் இப்படியான நகர்வுகளைக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

அப்படியென்றால் பாட்டை மேலே வைத்திருப்பது எப்படி? ரே கூட்டுக்குப் போகும்போது லா பிடிக்கிறவர் 405இலேயே நிற்கக்கூடாது, 410க்கு மெல்ல ஏற வேண்டும். பேஸ் தன்னுடைய ரேயை லாவிலிருந்து எடுக்காமல், மனதில் நிற்கிற டோவிலிருந்து எடுக்க வேண்டும்: 273.4. பிறகு சோ 364.5, டோ 243. வட்டம் மூடிவிடும். எங்கட பாட்டில் அந்த லாவைப் பிடித்தது ரெனர். அசையாமல், மிகவும் நேர்மையாகப் பிடித்திருந்தார்கள். இறக்கம் அங்கேதான் தொடங்கியது. மி பாடிய அல்ரோவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

எல்லா இறக்கத்தையும் கொமாவின் தலையில் கட்டிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். களைப்பும், மூச்சுப் போதாமையும், ஏறுகிற சுரங்களைச் சோம்பலாக எடுப்பதும் பாட்டை இறக்கும். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கலாம். கூட்டுகள் எல்லாம் சுத்தமாக ஒலித்தும் சுருதி இறங்கினால், அதுவும் ஒவ்வொரு சரணத்திலும் அதே இடத்தில் ஏறக்குறைய அதே அளவு இறங்கினால், கொமாவைச் சந்தேகியுங்கோ. கூட்டுகளும் கலங்கி, கண்ட இடத்தில் இறங்கினால் மூச்சைப் பாருங்கோ.

வயலின் வாசிக்கிற எங்கட தோழிக்கு இதெல்லாம் புதினம் இல்லை. மேற்கத்தேய முறையில் வயலினின் நாலு தந்திகளும் ஜி, டி, ஏ, ஈ. பெரும்பாலும் தூய ஐந்தாம் சுரத் தூரங்களாகவே அவற்றைக் கூட்டுவார்கள். அவள் எங்களுக்குச் செய்து காட்டியது இது. டி தந்தியில் முதல் விரலை வைத்து ஈ சுரத்தை எடுத்தாள். பக்கத்துத் திறந்த ஏ தந்தியோடு சேர்த்து வில் இழுத்து, அசைவே இல்லாமல் நிற்கும்வரை விரலைச் சரிசெய்தாள். பிறகு விரலை அசைக்காமல், அதே ஈயை மற்றப் பக்கத்துத் திறந்த ஜி தந்தியோடு சேர்த்து இழுத்தாள். புளித்துப்போய் ஒலித்தது. சுத்தமாக்க விரலைப் பின்னுக்கு நகர்த்த வேண்டியிருந்தது, ஏறக்குறைய மூன்றரை மில்லிமீற்றர். ஏ தந்திக்குச் சரியான ஈ 330, ஜி தந்திக்குச் சரியான ஈ 326. இடையில் இருப்பது அதே கொமாதான். "ஈ எங்கே இருக்கு?" என்று கேட்டால், "ஆரோடு சேர்ந்து ஒலிக்குது?" என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்றாள்.

இதே சிக்கல் நால்வர் தந்திக் குழுவில் பெரிதாகும். செலோவின் திறந்த சி தந்திக்கு வயலினின் தூய ஈ 652 அளவில் இருக்க வேண்டும். திறந்த ஈ தந்தியோ 660இல் நிற்கிறது. திறந்த தந்தியை விரலால் கீழே இறக்க முடியாது. அதனால்தான் அந்த இடங்களில் கனபேர் திறந்த ஈயை விட்டுவிட்டு, ஏ தந்தியில் நாலாவது விரலை வைக்கிறார்கள். சில குழுக்கள் எல்லா ஐந்தாம் தூரங்களையும் ஒரு துளி இறுக்கிக் கூட்டிக்கொள்கின்றன.

எங்களில் கர்நாடக இசை படித்தவர்கள், "எங்களுக்கு ஏன் இந்தத் தலையிடி வாறதில்லை?" என்று கேட்டார்கள். தம்புராவின் ச அசையாது. எல்லாச் சுரமும் அந்த ஒரே ச-வை நோக்கித்தான் நிற்கிறது. நாலு குரல் பாட்டில் அடித்தளமே கூட்டுக்குக் கூட்டு மாறுகிறது, அந்த மாற்றத்தில்தான் கொமா நழுவுகிறது. ஆனால் தம்புராவிடமிருந்து நாங்கள் ஒன்றை எடுத்துக்கொண்டோம். இப்போது ஒத்திகையில் கீபோட்டில் முழுக் கூட்டையும் அழுத்துவதில்லை. டோவும் சோவும் மட்டும், அல்லது ஒரு சுருதிப் பெட்டி. மியை அல்ரோவின் காதிடம் விட்டுவிடுகிறோம். லா பிடித்திருக்கிற இடங்களில் பென்சிலால் ஒரு சின்ன மேலம்பு போட்டிருக்கிறோம்.

இதை வைத்துக்கொண்டு எங்கும் சண்டைக்குப் போகத் தேவையில்லை. பியானோவோடு பாடும்போது பியானோவின் சுருதிதான் சுருதி, அதோடு சேர்ந்துதான் பாட வேண்டும். தனி மெட்டில் டீயிலிருந்து டோவுக்குப் போகும்போது பாடகரும் வயலின்காரரும் டீயைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பார்கள், அது தூய சுருதியும் இல்லை, சமப் பங்கீடும் இல்லை, ஆனால் மெட்டுக்கு அது வடிவு. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: வாத்தியம் இல்லாத பாட்டுக்கு வாத்தியத்தின் அளவுகோலால் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒருவரைச் "சுருதி இல்லாதவர்" என்று சொல்ல முன்னம், மற்றக் குரல்களோடு சேர்த்து அவரைக் கேளுங்கள். அடிப்பு இல்லாமல் நின்றால் அவர் சரி.

நாலாவது சரணத்தில் இப்போதும் கொஞ்சம் இறங்குகிறோம். ஆனால் எங்கே இறங்குகிறோம் என்று தெரியும். அந்தப் பிள்ளையும் வாய்விட்டுப் பாடுகிறாள்.