மூன்று செயல், மூன்று இடம் என்ற பிழையான கணக்கு



பரீட்சைக் காலம் என்பதால் பிள்ளைகள் கையில் மாதிரி வினாத்தாள்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வினாவைப் பற்றிப் பெற்றோருடனும் விஞ்ஞானம் கற்பிக்கும் சகோதர சகோதரிகளுடனும் பேச வேண்டியிருக்கிறது.

சிறுநீரகத்தியின் படம் ஒன்று இருக்கும். வடிகட்டல், மீள அகத்துறிஞ்சல், சுரத்தல் என்ற மூன்றும் நடைபெறும் இடங்களைக் குறிக்கச் சொல்வார்கள். விடைத்தாளில் வடிகட்டலுக்குக் கலன்கோளம், மீள அகத்துறிஞ்சலுக்கு ஹென்லேயின் தடம், சுரத்தலுக்குச் சேர்க்கும் கான் என்று இருக்கும். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் முதலாவது மட்டுமே சரி.

வடிகட்டலுக்கு உண்மையிலேயே ஒரே இடம்தான். கலன்கோளத்துக்குள் குருதியைக் கொண்டுவரும் நாடியை விட வெளியே கொண்டுசெல்லும் நாடி ஒடுங்கியது. அதனால் உள்ளே அமுக்கம் உயர்ந்து, நீரும் சிறிய மூலக்கூறுகளும் போமனின் உறைக்குள் தள்ளப்படுகின்றன. குருதிக் கலங்களும் பெரிய புரதங்களும் குருதியிலேயே தங்கிவிடுகின்றன.

மற்ற இரண்டும் அப்படியல்ல. அவை இடத்தின் பெயர்கள் அல்ல, திசையின் பெயர்கள். குழாயிலிருந்து குருதிக்குத் திரும்பினால் அது மீள அகத்துறிஞ்சல். குருதியிலிருந்து குழாய்க்குள் சேர்க்கப்பட்டால் அது சுரத்தல். இரண்டுமே குழாயின் பல பகுதிகளில், சில இடங்களில் ஒரே சுவரிலேயே, நடக்கின்றன.

குளுக்கோசை எடுத்துப் பார்ப்போம். ஆரோக்கியமான ஒருவரின் இரு சிறுநீரகங்களிலும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லீற்றர் திரவம் வடிகிறது. ஒரு லீற்றரில் ஏறக்குறைய 1 கிராம் குளுக்கோசு இருக்கும். ஆக 180 கிராம் சீனி தினமும் போமனின் உறைக்குள் இறங்குகிறது. ஆனால் வெளியேறும் ஒன்றரை லீற்றர் அளவான சிறுநீரில் அது இல்லை. எங்கே போனது? ஹென்லேயின் தடத்தை அடைய முன்னரே, அண்மை மடிந்த சிறுகுழாயில் அநேகமாக முழுவதும் குருதிக்குத் திரும்பிவிட்டது. வடிந்த நீரிலும் உப்பிலும் கூட மூன்றில் இரண்டு பங்களவு அங்கேயே திரும்புகிறது. ஹென்லேயின் தடமும் சேர்க்கும் கானும் எஞ்சியதைத்தான் கையாளுகின்றன.

சுரத்தலுக்கு பெனிசிலின் நல்ல உதாரணம். 1940களில் இம்மருந்து மிக அரிதாக இருந்தபோது, நோயாளிகளின் சிறுநீரைச் சேகரித்து அதிலிருந்து மீண்டும் பிரித்தெடுத்தார்கள். உடம்பு அதை அவ்வளவு விரைவாக வெளியேற்றியது. காரணம், வடிகட்டலுக்கு மேலதிகமாக, அண்மை மடிந்த சிறுகுழாயின் சுவர் அதைக் குருதியிலிருந்து எடுத்துக் குழாய்க்குள் விடுகிறது. பொற்றாசியம் அயன் பிரதானமாகச் சேய்மை மடிந்த சிறுகுழாயின் இறுதிப் பகுதியிலும் சேர்க்கும் கானிலும் சுரக்கப்படுகிறது. எனவே பொருளின் பெயரைச் சொல்லாமல் "சுரத்தல் எங்கே?" என்று கேட்டால் ஒற்றை விடை கிடையாது. "அண்மை மடிந்த சிறுகுழாய்" என்று எழுதிய பிள்ளைக்குப் புள்ளி வெட்டுவது அநியாயம்.

ஒரு புள்ளிதானே என்று சிலர் சொல்லலாம். நமது வீடுகளில் நீரிழிவு இல்லாத குடும்பம் குறைவு. "சிறுநீரில் சீனி போகிறது" என்றால் மேலதிகச் சீனியைச் சிறுநீரகம் சுரந்து வெளியேற்றுகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. குருதியில் 100 மில்லிலீற்றருக்கு 180 மில்லிகிராம் அளவைத் தாண்டும்போது, வடிந்த சீனி முழுவதையும் திருப்பி எடுக்கச் சிறுகுழாயால் முடிவதில்லை. மிஞ்சியதுதான் வெளியே வருகிறது. ஆனால் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் தொடர்ந்து போனால், பெரும்பாலும் பழுது கலன்கோளத்தின் வடியில்தான். இரண்டும் வேறு இடம், வேறு கதை. இதைப் பிரித்தறியும் பிள்ளை நாளைக்கு வாப்பாவின் சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையை விளங்கி வாசிக்கும்.

வினாத்தாள் தயாரிப்போரிடம் நாம் கேட்பது ஒன்றுதான். "எந்தச் செயல் எங்கே?" என்பதை விட்டுவிட்டு, ஒரு பொருளைக் கொடுத்துக் கேளுங்கள். "போமனின் உறையில் குளுக்கோசு உண்டு, அண்மை மடிந்த சிறுகுழாயின் முடிவில் இல்லை. நடந்த செயல் எது? எந்தத் திசையில்?" இதற்கு மனப்பாடம் உதவாது, விளக்கம்தான் உதவும்.

பெற்றோரே, மேலே சொன்ன விடை உங்கள் பிள்ளையின் தாளில் இருந்தால், அதை வகுப்பாசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மனதில் பதிந்த பிறகு அழிப்பது கஷ்டம்.