மத்திய வங்கியின் அறிக்கையும் பேசாலைக் கருவாட்டு வாடியும்

"மத்திய வங்கி வட்டியைக் குறைத்தது" என்று பத்திரிகையில் தலைப்பு வந்தால், கடன் வாங்கும் எண்ணமுள்ளவர் மனத்தில் உடனே ஓர் ஆசை எழுகிறது. "பணவீக்கம் தணிந்தது" என்ற தலைப்பைக் கண்டால் இல்லத்தரசிகள் கடைக்காரரிடம் விலை குறைந்ததா என்று விசாரிக்கிறார்கள். இவ்விரு எதிர்பார்ப்புகளும் பெரும்பாலும் ஏமாற்றத்திலேயே முடிகின்றன. அறிக்கை சொன்னது ஒன்று, நாம் விளங்கிக்கொண்டது வேறொன்று என்பதே அதற்குக் காரணம். இவ்வாரம் அந்த அறிக்கையை மன்னார்த் தீவிலிருந்து வாசித்துப் பார்ப்போம்.

பேசாலையில் கருவாட்டு வாடி நடத்தும் ஓர் அன்பரை எடுத்துக்கொள்வோம். உலர்த்தும் தளத்தைச் சீமெந்து இட்டுச் செப்பனிடவும், மழைக்காலத்தில் சரக்கு நனையாதிருக்க ஒரு களஞ்சிய அறை கட்டவும் அவருக்குப் பத்து லட்சம் ரூபா தேவைப்படுகிறது. ஐந்து ஆண்டுகளில், அறுபது சம தவணைகளில் திருப்பிக் கட்ட எண்ணுகிறார். இப்பொழுது வாங்குவதா, மத்திய வங்கி இன்னும் வட்டியைக் குறைக்கும் வரை பொறுத்திருப்பதா என்பதே அவருடைய வினா.

முதலில், மத்திய வங்கி குறைப்பது எந்த வட்டியை என்று அறிய வேண்டும். அது அன்பருடைய கடனுக்கான வட்டி அன்று. வங்கிகள் தமக்குள் ஓரிரவுக்கு மட்டும் கைமாற்றாகப் பணம் வாங்கிக்கொள்வதுண்டு. அந்த ஓரிரவுப் பணத்தின் விலை எவ்வளவாக இருக்க வேண்டும் என்பதையே மத்திய வங்கி குறித்துக் காட்டுகிறது. 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் இதற்கு ஓரிரவுக் கொள்கை வீதம் என்று பெயர். அன்று அது 8 சதவீதமாக வைக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு மே மாதம் 25 அடிப்படைப் புள்ளிகளால் குறைக்கப்பட்டு 7.75 சதவீதமாயிற்று. நூறு அடிப்படைப் புள்ளிகள் ஒரு சதவீதம். ஆகவே 25 என்பது கால் சதவீதமே.

இந்த வீதம் வெறும் சொல்லால் நிலைப்பதில்லை. இதற்கு அரைச் சதவீதம் கீழும் அரைச் சதவீதம் மேலும் மத்திய வங்கி இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. கையில் பணம் மிஞ்சிய வங்கி கீழ்க்கதவில் வைப்பிட்டு வட்டி பெறலாம். பணம் போதாத வங்கி பிணையம் கொடுத்து மேற்கதவில் கடன் பெறலாம். கீழ்க்கதவில் கிடைப்பதை விடக் குறைவாக வேறொரு வங்கிக்கு எவரும் கொடார். மேற்கதவில் கேட்பதை விட அதிகமாக எவரும் கொடுத்து வாங்கார். ஆகையால் ஓரிரவு வட்டி இவ்விரண்டுக்கும் இடையிலேயே நிற்கிறது.

ஓரிரவு வட்டிக்கும் மன்னார் நகரத்து வங்கிக் கிளையில் அன்பர் கேட்கும் ஐந்தாண்டுக் கடனுக்கும் இடையே வெகுதூரம் உண்டு. வங்கி கடன் கொடுப்பது பெரும்பாலும் பொதுமக்களின் வைப்புப் பணத்தைக் கொண்டு. சென்ற ஆண்டு உயர்ந்த வட்டிக்கு வாங்கிய நிலையான வைப்பு முதிரும் வரை, அந்தப் பழைய விலையை அது கொடுத்தே ஆக வேண்டும். அடுத்து, அரசாங்கத்தின் திறைசேரி உண்டியல் என்ன வட்டி தருகிறது என்றும் வங்கி பார்க்கும். ஆபத்தில்லாத இடத்தில் நல்ல வட்டி கிடைக்கும்போது கருவாட்டு வாடிக்கு மலிவாகக் கொடுக்க அது முன்வராது. இவற்றின் மேல், கடன் திரும்பாமற் போகுமோ என்ற அச்சத்துக்கு ஒரு விலையும் சேர்கிறது.

எனவே கொள்கை வீதத்தை விட அன்பருக்கு நெருக்கமான எண் வேறொன்று. வங்கிகள் தம் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் குறுங்காலக் கடன்களின் வட்டியைத் திரட்டி, சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதம் என்ற பெயரில் மத்திய வங்கி வாரந்தோறும் வெளியிடுகிறது. பெயர் நீளமானது, நாம் முதன்மை வீதம் என்றே சுருக்கிக்கொள்வோம். சிறு வணிகரின் கடன் பத்திரத்தில் "முதன்மை வீதமும் அதன்மேல் 4 சதவீதமும்" என்பது போன்ற வாசகம் அடிக்கடி காணப்படும்.

இனிக் கணக்குக்கு வருவோம். பத்து லட்சம் ரூபாவை 12 சதவீத வட்டியில் அறுபது தவணைகளில் அடைத்தால், மாதத் தவணை 22,244 ரூபா. அதுவே 12.25 சதவீதமானால் 22,371 ரூபா. வேறுபாடு மாதம் 127 ரூபா மட்டுமே! பத்திரிகையின் பெரிய தலைப்பு முழுமையாகவும் உடனடியாகவும் மன்னாரை வந்தடைந்தாலும் அன்பருக்கு ஆகும் இலாபம் இவ்வளவுதான். இதற்காக ஒரு பருவம் காத்திருந்து, மழையில் சில மூடை கருவாட்டைப் பறிகொடுப்பது அறிவுடைமை ஆகாது.

அப்படியானால் அறிக்கையை வாசிக்கவே வேண்டாமா? வேண்டும், ஆனால் கால் சதவீதத்தைத் தேடி அன்று. வட்டி எந்தத் திசையில், எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை அறியவே வாசிக்க வேண்டும். அதற்கு அண்மைக்கால வரலாறே சான்று.

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் முதன்மை வீதம் 6 சதவீத அளவில் இருந்தது. அதன்மேல் 4 சேர்த்து 10 சதவீதத்துக்கு ஒருவர் இதே பத்து லட்சத்தை மாறும் வட்டியில் வாங்கியிருந்தார் என்று கொள்வோம். தவணை 21,247 ரூபா. ஒன்றரை ஆண்டு ஒழுங்காகக் கட்டிய பின் மீதிக் கடன் ஏறத்தாழ ஏழரை லட்சம். இதற்கிடையே 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் தன் வீதங்களை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் திறைசேரி உண்டியல் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி தந்தது. ஆண்டு முடிவில் முதன்மை வீதம் 27 சதவீதத்தைக் கடந்தது. அதன்மேல் 4 சேர்த்தால் 31. ஏழரை லட்சத்துக்கு 31 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மாத்திரம் 19,375 ரூபா. பழைய தவணையையே கட்டினால் முதலில் கழிவது இரண்டாயிரம் ரூபாவும் இல்லை. குறித்த காலத்தில் கடனை முடிக்க வேண்டுமானால் தவணையை 29,500 ரூபா அளவுக்கு உயர்த்த வேண்டும்.

ஆகவே அன்பர் வங்கி முகாமையாளரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "வட்டி எவ்வளவு?" என்பதன்று. "இந்த வட்டி மாறுமா? மாறுமாயின் எந்த எண்ணைப் பார்த்து, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும்? அதற்கு உச்சவரம்பு உண்டா?" என்பதே. வட்டி இறங்கி அடிமட்டத்தை அணுகிய காலத்தில் மாறா வட்டிக்குச் சற்று அதிகம் கொடுப்பது, படகுக்கு இரண்டாவது நங்கூரம் வைத்திருப்பதைப் போன்றது. உச்சத்தில் வாங்க நேர்ந்தாலோ மாறும் வட்டியே நன்று. இறங்கும்போது தவணையும் இறங்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வட்டி குறையும் மீதிக்குக் கணக்கிடப்படுகிறதா, தொடக்க முதலுக்கே ஐந்தாண்டும் கணக்கிடப்படுகிறதா? 12 சதவீதம் என்று சொல்லிப் பத்து லட்சத்துக்கும் ஐந்தாண்டு வட்டி சேர்த்தால் தவணை 26,667 ரூபா ஆகிவிடும். குறையும் மீதி முறையில் அது 20 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட வட்டிக்குச் சமம்.

இனிப் பணவீக்கத்தைப் பார்ப்போம். பணவீக்கம் என்பது விலை அன்று. விலை ஏறும் வேகம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதம். அதாவது முந்திய ஆண்டு 100 ரூபாவுக்கு வாங்கிய கூடைக்கு 170 ரூபா. அடுத்த ஆண்டு அதே மாதம் பணவீக்கம் 1.3 சதவீதமாக வீழ்ந்தது. கூடை 100 ரூபாவுக்குத் திரும்பவில்லை. 170 ஏறத்தாழ 172 ஆயிற்று. ஏணியில் ஏறியவர் இறங்கவில்லை, நின்றுவிட்டார்.

அந்தச் சுட்டெண்ணும் கொழும்பு மாவட்டத்து நகர்ப்புறக் குடும்பங்களின் செலவைக் கொண்டது. நாடு முழுவதற்கும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் உண்டு. எனினும் இரண்டும் வீட்டுச் செலவின் கூடைகள்; தொழிற் செலவின் கூடைகள் அல்ல. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே முறையில் உயர்ந்தது. வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் மண்ணெண்ணெயில் ஓடும் மன்னார்க் கரையில் அது ஏறத்தாழ நான்கு மடங்கு ஏற்றம். கரைக்கு வரும் மீனின் விலையில் அது பாய்ந்தது. கொழும்புக் கூடையில் அவ்வளவாகத் தெரியவில்லை. அன்பர் பார்க்க வேண்டியது மீன், உப்பு, எரிபொருள், கூலி ஆகிய தம் சொந்தக் கூடையை.

பணவீக்க எண் கடனாளிக்குப் பயன்படும் இடம் ஒன்று உண்டு. கடனின் உண்மைப் பாரம், வட்டியிலிருந்து விலையேற்றத்தைக் கழித்தால் வருவது. 2023 முதல் நடைமுறையிலுள்ள ஏற்பாட்டின்படி மத்திய வங்கியின் பணவீக்க இலக்கு 5 சதவீதம். இரண்டு புள்ளி கூடலாம், குறையலாம். கருவாட்டின் விலையும் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் 12 சதவீத வட்டியின் பாரம் 7 மட்டுமே. ஆனால் 2025 பெப்ரவரியில் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே 4.2 சதவீதம் போயிற்று. விற்கும் சரக்கின் விலையும் அவ்வாறு இறங்கினால், அதே 12 சதவீதம் 16 போல் அழுத்தும். பொருள் மலிவு நுகர்வோருக்கு இன்பம், கடனாளிக்குச் சுமை.

அறிக்கை ஆண்டுக்கு ஆறு முறை, தமிழிலும் வெளியாகிறது. அதில் பணவீக்கம் இலக்குக்கு மேலா கீழா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இலக்குக்கு மேலே ஏறிச் செல்லும் என்று எழுதியிருந்தால் வட்டி உயரும் காலம் நெருங்குகிறது என்பது பொருள். மாறும் வட்டியில் கடன் பட்டவர் விழிப்படைய வேண்டும்.

அன்பருக்கு நாம் சொல்லும் முடிவு இது. 12 சதவீதத்தில் வரும் தவணை 22,244 ரூபா. 20 சதவீதமானால் 26,494 ரூபா. காற்று மாறிக் கடலுக்குப் போக முடியாத மாதங்களிலும் அந்த 26,494 ரூபாவை வாடியின் வருமானம் தாங்குமானால், இன்றே வாங்கலாம். தாங்காதெனில், கடனை ஆறு லட்சமாகக் குறைத்து முதலில் களஞ்சிய அறையை மட்டும் கட்டுவதே நன்று. உலர்த்தும் தளம் அடுத்த பருவத்து இலாபத்துக்குக் காத்திருக்கலாம்.