புறா நடக்கையில் நிலைத்து நிற்கும் தலை

முல்லைத்தீவின் வயற்கரைகளில் அறுவடைக்குப் பின் சிந்திய நெல்லைப் பொறுக்கித் திரியும் புறா, தலையை முன்னும் பின்னும் ஆட்டுவதாகத் தோன்றினாலும், அத்தலை உண்மையில் பின்னோக்கிச் செல்வதில்லை. ஒவ்வோர் அடிக்கும் தலை விரைந்து முன்னே நீண்டு, உடல் நகர்ந்து அதனை எட்டும்வரை அதே இடத்தில் அசையாது நிற்கிறது. முன்னேறும் உடலோடு ஒப்பிடுவதாலேயே தலை பின்வாங்குவது போன்ற மயக்கம் பிறக்கிறது. 1930-இல் டன்லப், மௌரர் ஆகிய ஆய்வாளர்கள் திரைப்படச் சுருளில் நடையைப் பதிந்து இதனைக் காட்டினர். நடையில் சமநிலை பேணவே இவ்வசைவு என்னும் விளக்கம் பொருந்தாது; ஏனெனில் 1978-இல் ஃப்ராஸ்ட் என்னும் ஆய்வாளர் ஓடுபட்டையில் புறாவை நடக்கவிட்டபோது, கால்கள் நடந்தும், சுற்றுப்புறக் காட்சி கண்முன் நகராமையால் தலையசைவு நின்றுபோயிற்று. ஆகவே இது பார்வைக்கான செயலே: தலை நிற்கும் கணத்தில் விழித்திரையில், அதாவது கண்ணின் உட்புறத்தே காட்சி விழும் படலத்தில், பிம்பம் கலங்காமல் நிலைக்கிறது; மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் நெல்மணியையும் அருகே அசையும் பூனையையும் பிரித்தறிய அந்நிலைப்பு வேண்டும். தலை முன்னே பாயும் கணமும் வீணன்று. அப்போது அண்மைப் பொருள்கள் விரைவாகவும் தொலைவிலுள்ளவை மெதுவாகவும் இடம்பெயர்வதால், தூரத்தை மதிப்பிட அது உதவக்கூடும்.