"Radar sensor blocked": காரைக் கழுவினால் போதுமா?

டேஷ்போர்டில் இந்த எச்சரிக்கை வருகிறதா? ரேடாரால் முன்னால் இருப்பதைச் சரியாகப் பார்க்க முடியவில்லை என்று அர்த்தம். அது போகும்வரை கார் தானாக பிரேக் போடும் என்று நம்பியிருக்காதீங்க.

அழுக்குதான் காரணமா?

பல கார்களில் ரேடார் முன்பக்கச் சின்னத்துக்குப் பின்னாலோ பம்பரின் கீழ்ப்பகுதியிலோ இருக்கும். சேறு, ஒட்டிய இலை, கனமழை எல்லாம் அதை மறைக்கலாம். ஈரத்துணியால் மெதுவாகத் துடைச்சுட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்க. எச்சரிக்கை போய்விட்டால் அழுக்குதான் காரணம்.

வெயிலிலும் போகவில்லையா?

சமீபத்தில் பம்பரைப் பழுதுபார்த்தீர்களா? ரேடாருக்கு முன்னால் தடிமனாகப் பூசிய புட்டியும் உலோகத் துகள் கலந்த பெயிண்ட்டும் அதன் அலைகளைப் பலவீனமாக்கும்.

ரேடாரைத் தாங்கும் பகுதி லேசாக வளைந்தாலும் சிக்கல்தான். 1 டிகிரி விலகினால், 100 மீட்டர் தூரத்தில் அதன் பார்வை சுமார் 1.7 மீட்டர் தள்ளிப்போகும். அது கிட்டத்தட்ட பாதித் தடம்! பக்கத்துத் தடத்தில் போகும் கார் உங்களுக்கு முன்னால் இருப்பதாக ரேடார் நினைக்கலாம்.

வொர்க்‌ஷாப்பில் என்ன கேட்பது?

பிழைக் குறியீட்டை அழித்தால் மட்டும் கோணம் சரியாகாது. "ரேடாருக்கு கேலிபரேஷன் செஞ்சீங்களா?" என்று கேளுங்க. அதற்கான அறிக்கையையும் வாங்கிக்கோங்க.